பூட்டிக் கிடந்த சரக்கறையை வாடகைக்கு விட்ட கதை

வீட்டின் தரைத்தளத்தில், வண்டி நிறுத்தும் இடத்தை ஒட்டி ஓர் அறை இருக்கிறது. 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், ஒரே ஒரு சின்ன ஜன்னல். கால் உடைந்த கட்டிலும் பழைய பெட்டிகளும் போட்டுப் பல வருடம் பூட்டியே வைத்திருந்தோம். ஒருநாள் அதைக் காலி செய்து பெருக்கிவிட்டு வெளியே வந்தபோதுதான், இதை வாடகைக்கு விட்டால் என்ன என்று தோன்றியது. மாத வாடகையை 12-ஆல் பெருக்கி மனத்துக்குள்ளேயே ஒரு தொகையைச் செலவும் செய்துவிட்டேன். அந்தக் கணக்கு எப்படித் தப்பாகப் போனது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

என்னிடம் மூன்று வழிகள் இருந்தன. மாடியில் இருக்கும் படுக்கையறையை ஓர் ஆளுக்கு விடலாம். வண்டி நிறுத்தும் இடத்தில் பாதியைக் கொடுக்கலாம். அல்லது இந்தக் கீழ் அறையைச் சரக்கு வைக்க விடலாம். மாடியறைக்குத்தான் பணம் அதிகம் வரும். ஆனால் குளியலறை, சமையலறை, வாசல் சாவி எல்லாவற்றையும் பங்கு போட வேண்டும், இரவு எத்தனை மணிக்கு வருவார் என்று யோசிக்க வேண்டும். மனைவி ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றாள். சரக்கு பேசாது, குளிக்காது, விருந்தாளியைக் கூட்டிவராது என்று சொல்லி நான் கீழ் அறையைத் தேர்ந்தெடுத்தேன். சரக்குக்கும் ஒரு குணம் உண்டு என்பது அப்புறம்தான் தெரிந்தது.

முதலில் பார்க்க வேண்டியது, அந்த இடத்தை விட நமக்கு உரிமை இருக்கிறதா என்பது. சொந்த வீடுதானே என்ற நினைப்பில் நான் கிட்டத்தட்ட இதைத் தாண்டிப் போயிருப்பேன். வீட்டுக் கடன் நிலுவையில் இருந்ததால் கடன் பத்திரத்தை எடுத்துப் படித்தேன். வீட்டின் எந்தப் பகுதியையும் வாடகைக்கு விடுவதற்கு முன் கடன் கொடுத்தவரிடம் எழுத்தில் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. ஒரு கடிதம் எழுதிப்போட்டேன், சம்மதம் வந்துவிட்டது. அடுக்குமாடியில் இருப்பவர்கள் கூடுதலாகச் சங்கத்தின் விதிகளையும் பார்க்க வேண்டும். வண்டி நிறுத்தும் இடம் உங்கள் பெயரில் பத்திரமாகியிருக்கிறதா, பயன்படுத்த மட்டும் ஒதுக்கியிருக்கிறார்களா என்பதில்தான் பெரும்பாலும் சிக்கல் வரும். ஒதுக்கீடு மட்டும் என்றால் வெளியாளுக்கு விட முடியாமல் போகலாம். வாடகைக்குக் குடியிருப்பவர் உள்வாடகைக்கு விடுவதென்றால் வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் கையை வைக்கவே கூடாது.

அடுத்து காப்பீடு. நிறுவனத்துக்குப் போன் செய்து, கீழ் அறையில் இன்னொருவர் வியாபாரச் சரக்கு வைக்கப் போகிறார் என்றேன். எதிர்முனையில் இருந்தவர் நிதானமாக இரண்டு விஷயம் சொன்னார். என் பாலிசி வீட்டை வசிப்பிடமாகக் கருதிக் கொடுத்தது. பயன்பாடு மாறியதைச் சொல்லாமல் விட்டு, பிறகு தீ விபத்து நடந்தால் இழப்பீட்டை மறுக்க இடமிருக்கிறது. இரண்டாவது, என் பாலிசி என் வீட்டுக்கும் என் பொருளுக்கும்தான், வாடகைக்கு வருபவரின் சரக்குக்கு அது பொருந்தாது, அவர் தனியாக எடுக்க வேண்டும். பிரீமியம் கொஞ்சம் ஏறியது. அந்த உரையாடலில் கிடைத்த பதிலை மின்னஞ்சலிலும் அனுப்பச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்த நான், அறையைச் சோதிக்க மறந்துபோனேன்.

முதலில் வந்தவர் நோட்டுப் புத்தகங்களை மொத்தமாக வாங்கி விற்பவர். சுறுசுறுப்பான பெண், வாரத்துக்கு இரண்டு முறை வந்து பெட்டிகளை எடுத்துப் போவார். மூன்று மாதம் ஒரு பிரச்சினையும் இல்லை. அதுவரை வெயில் காலம். மழை தொடங்கிய நான்காவது மாதத்தில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, “சார், இதைத் தொட்டுப் பாருங்க” என்றார். அடிவரிசைப் பெட்டிகளின் அட்டை ஊறிய ரொட்டி மாதிரி இருந்தது. மேலே ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. சுவரிலும் கறை இல்லை. தண்ணீர் தரையிலிருந்து வந்திருக்கிறது.

பார்வைக்குக் காய்ந்திருக்கும் சிமென்ட் தரை அடியிலிருந்து ஈரத்தை மெதுவாக மேலே விட்டுக்கொண்டே இருக்கும். வெறும் தரையாக இருந்தால் அது காற்றில் கலந்து போய்விடும், நம் கண்ணில் படாது. மேலே பெட்டியை வைத்து மூடிவிட்டால் போக வழியில்லாமல் பெட்டிக்குள் ஏறும். அதனால்தான் காலி அறையாக இருந்த காலத்தில் எங்களுக்கு இது தெரியவேயில்லை.

இதைக் கண்டுபிடிக்கச் செலவே இல்லாத ஒரு சோதனை இருக்கிறது. பின்னால் வந்து பார்த்த கட்டட மேஸ்திரி செய்துகாட்டினார். கண்ணாடி போன்ற தடித்த பிளாஸ்டிக் தாளை 45 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் தரையோடு ஒட்ட வேண்டும். குறைந்தது 16 மணி நேரம் விட்டுவிட வேண்டும், மாலையில் ஒட்டி மறுநாள் பார்ப்பது வசதி. தாளுக்கு அடியில் நீர்த்துளி கோத்திருந்தாலோ, அந்தச் சதுரம் மட்டும் கருத்திருந்தாலோ ஈரம் தரையிலிருந்து வருகிறது. துளி தாளின் மேல்பக்கம் இருந்தால் அது அறைக் காற்றின் ஈரம், கோளாறு வேறு. ஒரே இடத்தில் ஒட்டிவிட்டு முடிவுக்கு வரக்கூடாது. சுவரோரம் ஒன்று, நடுவில் ஒன்று, வாசல் பக்கம் ஒன்று என்று மூன்று வேண்டும். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: துளி தெரிந்தால் ஈரம் நிச்சயம், தெரியாவிட்டால் ஈரமே இல்லை என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. வெயில் காலத்தில் செய்த சோதனையை நம்பி மழைக்காலத்துக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது. நான் அந்த வெயில் காலச் சோதனையைக்கூடச் செய்யவில்லை.

காரணம் சுவருக்கு வெளியே இருந்தது. பின்பக்கம் செடி வைக்க மண் கொட்டிக் கொட்டி, மண்மட்டம் அறைத் தரையைவிட ஒரு சாண் உயர்ந்திருந்தது. மழை நீர் அங்கே தேங்கி அடித்தளத்தில் இறங்கியிருக்கிறது. மண்ணை வெட்டி இறக்கி, நீர் வெளியே ஓடும்படி சரிவு கொடுத்தோம். உள்ளே தரைக்கு ஈரம் தடுக்கும் பூச்சு. அதன் மேல் மரத் தட்டுகள் போட்டோம், தரைக்கும் பெட்டிக்கும் நடுவே 10 சென்டிமீட்டர் இடைவெளி, சுவரிலிருந்தும் அதே அளவு. ஓர் ஈரப்பதமானியும் வாங்கி மாட்டினேன். அது வந்த அன்று 78 சதவீதம் காட்டியது. 65, 70 என்று தாண்டி நாள்கணக்கில் நின்றால் அட்டையிலும் துணியிலும் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும் என்பதால் 60-க்குக் கீழே வைக்கப் பார்க்கிறேன். காற்றோட்டம் நல்லது என்று மழை நாளில் ஜன்னலைத் திறந்து வைத்தால் வெளியே இருக்கும் ஈரம் முழுக்க உள்ளே வரும். இதையும் நான் செய்து பார்த்துவிட்டுத்தான் நிறுத்தினேன்.

அந்தப் பெண்ணுக்கு அரை மாத வாடகையைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் சண்டை போடவில்லை, சரக்கை எடுத்துக்கொண்டு வேறு இடம் பார்த்துப் போய்விட்டார். நல்ல வாடகைதாரரை இழந்தது அந்த அரை மாதத்தைவிடப் பெரிய நஷ்டம்.

போவதற்கு முன் அவர் கேட்ட ஒரு கேள்வியைச் சொல்ல வேண்டும். மாடியறையில் வைத்துக்கொள்ளட்டுமா, அங்கே ஈரம் இருக்காதே என்றார். நியாயமாகத்தான் பட்டது. மேஸ்திரிதான் பக்கத்தில் கிடந்த ஒரு காகிதக் கட்டைக் கையில் எடுத்தார். ஏ4 அளவில் 500 தாள் கொண்ட சாதாரணக் கட்டு சுமார் இரண்டரை கிலோ, 5 சென்டிமீட்டர் உயரம். ஒரு மீட்டர் உயரத்துக்கு அடுக்கினால் 20 கட்டு, 50 கிலோ. ஒரு சதுர மீட்டரில் அப்படி 16 அடுக்கு உட்காரும். ஆக 800 கிலோ. வீட்டு மாடித் தளத்தைப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரையான உபயோகச் சுமைக்குத்தான் கணக்கிட்டுக் கட்டுவார்கள். ஆள், கட்டில், அலமாரிக்கு அது போதும். காகிதத்துக்கு இடுப்பளவு உயரமே நாலு மடங்கு. தரைத்தளத்தில், மண்ணின் மேல் உட்கார்ந்திருக்கும் தரையில் இந்தக் கவலை குறைவு. மாடியையோ பரணையோ சரக்குக்கு விடுவதாக இருந்தால், எவ்வளவு இடம் என்பதற்கு முன் எவ்வளவு எடை என்று கேளுங்கள். காகிதம், டைல்ஸ், எண்ணெய் டின் என்று யாராவது சொன்னால் கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் சரி சொல்லாதீர்கள்.

பழுது பார்ப்பதில் ஒரு மாதம் அறை காலியாகக் கிடந்தது. அடுத்து வரிசையாக ஆட்கள் வந்து பார்த்தார்கள். ஒருவர் மின்ஸ்கூட்டர்களின் பழைய பேட்டரிகளை வைக்கக் கேட்டார். அடிபட்ட லித்தியம் பேட்டரி யாரும் தொடாமலேயே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும், பிடித்தால் அணைப்பதும் கடினம். மேலே நாங்கள் தூங்குகிறோம். மறுத்துவிட்டேன். இன்னொருவர் உள்ளே என்ன வைப்பீர்கள் என்று கேட்டதற்கு, “அதெல்லாம் எதுக்கு சார், வாடகை கரெக்டா வரும்” என்றார். அவரையும் அனுப்பிவிட்டேன். வாடகை கரெக்டாக வரும் என்று கேட்காமலேயே சொல்பவர்களைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

மூன்றாவதாக வந்தவர் கடை வைத்திருந்தார். கடையை மாற்றிக் கட்டுவதாகவும், அலமாரிகளையும் கண்ணாடிப் பெட்டிகளையும் கொஞ்ச நாள் வைக்க இடம் வேண்டும் என்றும் சொன்னார். பேச்சு இனிமை. ஒரு மாத முன்பணம் கொடுத்தார். ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். பூட்டு அவருடையது, சாவியும் அவரிடமே. எனக்கு அது மரியாதையான ஏற்பாடாகத் தோன்றியது.

மூன்று மாதம் வாடகை வந்தது. நான்காவது மாதம் வரவில்லை. கடையில் நெருக்கடி, அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன் என்றார். ஐந்தாவது மாதம் போனை எடுக்கவில்லை. கணக்குப் பார்த்தால் நான்காம் மாதத்துக்கே முன்பணம் கரைந்துவிட்டது. என் பக்கத்து வீட்டுக்காரர், “பூட்டை உடைச்சு எல்லாத்தையும் வெளியே வைங்க அண்ணே” என்றார். நானும் சுத்தியலை எடுத்துவிட்டேன். நல்லவேளையாக, அதற்குள் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

அவர் சொன்னது இது. வாடகை தரவில்லை என்பதால் அவருடைய பொருள் என்னுடையதாகிவிடாது. பல இடங்களில், முறையாக அறிவிப்புக் கொடுக்காமல் பூட்டை உடைத்து வெளியே போட்டால் குற்றம் நம் பக்கம் திரும்பும். உள்ளே விலையுயர்ந்த ஒன்று இருந்தது, இப்போது காணோம் என்று அவர் சொன்னால், இல்லை என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை, ஏனென்றால் உள்ளே என்ன வைத்தார் என்ற பட்டியலே நான் வாங்கவில்லை. இன்னொன்றும் சொன்னார். ஒப்பந்தத்தின் தலைப்பில் அனுமதி என்று எழுதியிருக்கிறதா, வாடகை என்று எழுதியிருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துச் சட்டம் முடிவு செய்வதில்லை. பூட்டும் சாவியும் முழுக்க அவர் கையில், நாம் உள்ளே போகவே முடியாது என்றால், அந்த இடத்தைத் தன் வசம் வைத்திருப்பவராக அவர் கருதப்பட வாய்ப்பு கூடும். அப்போது வெளியேற்றும் நடைமுறையும் நீளும். நான் மரியாதை என்று நினைத்துக் கொடுத்த சாவிக்கு இப்படி ஓர் அர்த்தம் இருக்கும் என்று யார் கண்டார்கள்?

வழக்கறிஞர் எழுதிக்கொடுத்த அறிவிப்பை, பெற்றுக்கொண்டதற்குச் சான்று கிடைக்கும் தபாலில் அனுப்பினோம். பாக்கி எவ்வளவு, எந்தத் தேதிக்குள் பொருளை எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் என்ன நடவடிக்கை என்று தெளிவாக. ஒப்பந்தத்தில் இருந்த முகவரி கடையின் முகவரி. கடையோ மூடிக்கிடந்தது. கடிதம் திரும்பி வந்தது. வீட்டு முகவரியைத் தேடிப்பிடித்து மறுபடி அனுப்புவதற்குள் இன்னொரு மாதம் ஓடிவிட்டது. ஆறாவது மாதக் கடைசியில் கடைக்காரர் ஒரு வண்டியோடு வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார். பாக்கி இரண்டு மாதத்தை நான் கேட்கவில்லை, அவரும் தரவில்லை. போகும்போது உள்ளே எட்டிப் பார்த்தேன். துருப்பிடித்த இரும்பு அலமாரிகள், விரிசல் விட்ட கண்ணாடி. மொத்தமாக விற்றாலும் பாக்கி வாடகைக்கு ஈடாகாது.

அங்கேதான் எனக்கு விஷயம் புரிந்தது. வாடகைக்காரரை நம் அறைக்குத் திரும்ப வரவைப்பது உள்ளே இருக்கும் பொருளின் மதிப்புதான். நோட்டுப் புத்தகக்காரர் வாரம் இரண்டு முறை வந்தார், ஏனென்றால் அந்தப் பெட்டிகள்தான் அவருடைய பிழைப்பு. இவர் மூன்று மாதத்தில் மூன்றே முறை வந்தார், கடைசி முறை வெறுங்கையோடு. பாக்கி ஏற ஏற, பொருளை மீட்பதைவிட விட்டுவிடுவது அவருக்கு லாபம். வாடகை நிற்பதற்கு முன்பே வருகை நின்றிருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. இப்போது யாராவது இடம் கேட்டு வந்தால், அந்தப் பொருளை எவ்வளவு நாளைக்கு ஒருமுறை எடுப்பீர்கள் என்று கேட்கிறேன். எடுக்கவே தேவையில்லாத பொருள் என்றால் யோசிக்கிறேன்.

அந்த வருடக் கணக்கை ஒரு நாள் உட்கார்ந்து எழுதினேன். தொகையாக எழுதாமல், வாடகை மாதங்களாகவே எழுதினேன், அப்படித்தான் உண்மை உறைக்கிறது. முதல் நாலு மாதத்தில் அரை மாதம் திருப்பிக் கொடுத்ததால் மூன்றரை. பழுது பார்த்த மாதம் பூஜ்யம். கடைக்காரர் தந்தது மூன்று, முன்பணத்தில் கழித்தது ஒன்று, வராதது இரண்டு. கடைசியில் ஒரு மாதம் காலி. ஆக வரவு ஏழரை. செலவில் மண் வெட்டியதும் பூச்சும் மரத் தட்டும் சேர்ந்து ஒன்றரை மாதம், வழக்கறிஞருக்கு முக்கால், காப்பீட்டுக் கூடுதல் கால். போக மிஞ்சியது ஐந்து. 12 என்று செலவழித்துவிட்ட மனத்துக்கு அது போதவில்லை. வருமான வரிக் கணக்கிலும் இதைக் காட்ட வேண்டும், அந்தப் பிடித்தம் தனி.

இரண்டாம் வருடத்துக்கு முன் ஒப்பந்தத்தை வழக்கறிஞரிடமே கொடுத்து மாற்றி எழுதினேன். முன்பணம் இரண்டு மாதம். ஊரில் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று பார்த்து வைத்ததல்ல இது. வாடகை வரவில்லை என்று உறுதியாக ஒரு மாதம், அறிவிப்புக் கொடுத்து வெளியேற்ற ஒரு மாதம், அந்தக் காலம் முழுவதையும் முன்பணம் தாங்க வேண்டும். உங்கள் ஊரில் அறிவிப்புக் காலம் கூடுதல் என்றால் முன்பணமும் கூட வேண்டும், சட்டம் ஒரு வரம்பு வைத்திருந்தால் அதற்குள். வீட்டு முகவரியும், அவர் கிடைக்காவிட்டால் யாரைத் தொடர்புகொள்வது என்ற இரண்டாவது ஆளின் எண்ணும் கட்டாயம். பொருள்களின் பட்டியலும் நுழைந்த அன்று எடுத்த படங்களும் ஒப்பந்தத்தோடு இணைப்பு. அதில் இல்லாத எதையும் வைக்கக் கூடாது, எரிபொருள், எரிவாயு உருளை, பேட்டரி, கெட்டுப்போகும் உணவு எப்போதும் கூடாது. கேட்பாரற்ற பொருளை எத்தனை நாள் கழித்து, என்ன முறையில் அப்புறப்படுத்தலாம் என்பதற்கு மட்டும் நானாக ஒரு வரி எழுதாமல், இந்த ஊர்ச் சட்டம் ஏற்கும் வாசகத்தை வழக்கறிஞரையே எழுதச் சொன்னேன்.

சாவிக்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். பூட்டு என்னுடையது, இரண்டு சாவி. ஒன்று வாடகைக்கு வருபவருக்கு. மற்றொன்றை உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் இருவரும் கையெழுத்திட்டு என்னிடம் இருக்கும். தீ, தண்ணீர் என்றால் கிழிக்கலாம், உடனே தகவல் சொல்ல வேண்டும். மற்றபடி மாதம் ஒருமுறை, முன்கூட்டிச் சொல்லிவிட்டு, அவர் முன்னிலையில் நான் உள்ளே பார்ப்பேன்.

வண்டி நிறுத்தும் பாதியையும் இந்த வருடம் விட்டேன். அது இவ்வளவு தலைவலி இல்லை. அளவுநாடாவை மட்டும் நம்பாதீர்கள், அவ்வளவுதான். என் இடம் நாடாவில் 2.4 மீட்டர் அகலம், ஆனால் ஒரு தூண் கதவு திறக்கும் பக்கத்தில் நிற்கிறது. வருபவரின் காரையே கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி, ஓட்டுநர் கதவைத் திறந்து இறங்க முடிகிறதா என்று பார்த்தோம். முதலில் வந்தவரால் முடியவில்லை, சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஒப்பந்தத்தில் வண்டி எண்ணைக் குறிப்பிட்டு, பழுது பார்ப்பதும் என் மின்சாரத்தில் சார்ஜ் செய்வதும் இல்லை என்று எழுதிக்கொண்டோம்.

கீழ் அறைக்கு இப்போது ஒரு புகைப்படக் கலைஞர் வந்திருக்கிறார். விளக்குகள், தாங்கிகள், திரைச்சீலைகள், வாரத்துக்கு மூன்று நாள் எடுப்பார். பார்க்க வந்த அன்று மழை. நான் பிளாஸ்டிக் தாள் சோதனையைப் பற்றிச் சொல்லத் தொடங்குவதற்குள் அவர் பையிலிருந்து சொந்த ஈரப்பதமானியை எடுத்து மரத் தட்டின் மேல் வைத்துவிட்டு, அரை மணி நேரம் ஆகட்டும் என்று திண்ணையில் உட்கார்ந்தார். மீண்டும் போய்ப் பார்த்தபோது அவருடையது 58 காட்டியது, என்னுடையது 59. “எதை நம்புறது?” என்று கேட்டுவிட்டு, பூட்டுச் சாவி உறையில் கையெழுத்துப் போடப் பேனா கேட்டார்.